இனி இவருக்குப் பதில் இவர்

சின்னத்திரைத் தொடர்களில் பிள்ளை உண்டாவது மிக இலேசான காரியம். நாயகி தலைசுற்றி விழுவாள். மாமியார் நாடி பிடித்துப் பார்ப்பார். அடுத்த வாரமே சேலைக்குள் ஒரு தலையணை வந்துவிடும். அந்த வயிறு கதாசிரியர் சொல்லும் வேகத்தில்தான் வளரும். வளைகாப்பு மட்டும் இரண்டு வாரம் ஓடும். இடையில் ஒரு கடத்தலோ வழக்கோ வந்துவிட்டால், பத்து மாதம் கடந்தும் பிரசவம் நடக்காது. ஆனால், அந்த நாயகியாக நடிக்கும் பெண் உண்மையிலேயே தாய்மை அடைந்துவிட்டால், இதே தொடருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. கதையின் கர்ப்பத்தை நிறுத்தி வைக்கலாம். உடம்பின் கர்ப்பத்தை நிறுத்தி வைக்க முடியாது.

எங்கள் உம்மாமாரும் மாமிமாரும் விடாமல் பார்த்த ‘ராஜா ராணி’யின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஒக்டோபரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரில், ஐ.பி.எஸ். ஆக வேண்டும் என்ற கனவோடு இனிப்புக் கடைக்காரர் குடும்பத்துக்கு மருமகளாக வரும் சந்தியாவாக ஆல்யா மானசா நடித்தார். தொடர் நடந்துகொண்டிருக்கும்போது அவர் இரண்டாவது பிள்ளைக்குத் தாயாகவிருந்தார். கொஞ்சக் காலம் அப்படியே நடித்தார். 2022இன் தொடக்கத்தில் தொடரை விட்டு விலகினார். மார்ச் மாதம் பிள்ளை பிறந்தது. சந்தியாவின் இடத்துக்கு ரியா விஸ்வநாதன் வந்தார். வீடும் கணவனும் மாமியாரும் அப்படியே இருக்க, சந்தியாவின் முகம் மட்டும் மாறியது.

ஒரு நடிகையின் கர்ப்பத்தைத் தொடர் மறைத்துக்கொண்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. அதுவரை வீடு முழுவதும் நடந்து திரிந்தவள் உட்கார்ந்தே பேசத் தொடங்குவாள். தலை முதல் கால் வரை தெரியும் காட்சிகள் குறைந்து, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியும் காட்சிகள் கூடும். அவள் முன்னால் ஒரு மேசையோ, கையில் ஒரு கோப்போ, துணிக்கூடையோ இருக்கும். அவள் யாரையும் தேடிப் போகமாட்டாள். எல்லோரும் அவளைத் தேடி வருவார்கள். சேலை முந்தானை இதற்குப் பெரிய உதவி. ஆனால் இந்த வித்தைகள் ஏழாம் மாதம் வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு ஒன்றில் கதை வளைய வேண்டும், அல்லது ஆள் மாற வேண்டும்.

நமது தொடர்கள் பெரும்பாலும் ஆளை மாற்றுவதையே தெரிவு செய்கின்றன. ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஒரு வரி போட்டால் அலுவல் முடிந்தது. தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் சட்டம் 2017 முதல் வேலை செய்யும் தாய்க்கு 26 வாரப் பிரசவ விடுமுறை என்கிறது. வாரம் ஐந்து நாள் ஒளிபரப்பாகும் தொடரில் 26 வாரம் என்பது 130 அத்தியாயங்கள். அவ்வளவையும் முன்கூட்டியே எடுத்து வைக்க எந்தத் தினத்தொடராலும் முடியாது. மறுபுறம், நாள் கணக்கில் கால்ஷீட் கொடுத்து நடிக்கும் ஒருவருக்கு அந்தச் சட்டத்தின் விடுமுறை கைக்கு எட்டுவதும் அரிது.

ஆனால் இதற்கு வேறு வழியே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் ‘தி எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில் ஸ்கல்லி என்ற துப்பறியும் பெண்ணாக நடித்த கிலியன் ஆண்டர்சன், 1994இல் இரண்டாம் பருவம் தொடங்கும்போது நிறைமாதத்தை நெருங்கியிருந்தார். பாத்திரத்தைக் கர்ப்பிணியாக்கக் கதையில் இடமில்லை. எனவே எழுத்தாளர்கள் முதலில் ஸ்கல்லியைக் களப்பணியிலிருந்து எடுத்துப் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக வைத்தார்கள். இதனால் ஓட்டமும் துரத்தலும் குறைந்தன. மேசைக்குப் பின்னால் நின்று பேசினால் போதும். பெரிய மேலங்கி மற்றதை மறைத்தது. பிறகு ஸ்கல்லி கடத்தப்படுகிறாள். செப்டெம்பர் இறுதியில் ஆண்டர்சனுக்குச் சத்திரசிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. அவர் இல்லாமல் ஒளிபரப்பானது ஒரேயொரு அத்தியாயம். திரும்பி வந்த அத்தியாயத்தில் ஸ்கல்லி நினைவிழந்து வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கிறாள். பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன உடம்புக்கு எது இயலுமோ, அதையே பாத்திரத்துக்கும் கொடுத்தார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த நாட்களில் ஸ்கல்லிக்கு என்ன நடந்தது என்ற கேள்விதான் பின்வந்த பருவங்களின் முதுகெலும்பானது. ஒரு நடிகையின் பிரசவத்துக்காகச் செய்த ஏற்பாடு, கதையைக் கெடுப்பதற்குப் பதிலாக அதற்குப் புதிய உயிர் கொடுத்தது. பத்து நாளில் ஒரு தாயை வேலைக்கு அழைத்ததை நான் மெச்சவில்லை. அந்தப் பகுதி கொடுமைதான். நான் சொல்வது எழுத்தைப் பற்றி.

போனவரின் இடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ என்ற ஹிந்தித் தொடரில் தயாவாக நடித்த திஷா வகானி 2017 செப்டெம்பரில் பிரசவ விடுமுறையில் போனார். தயா அகமதாபாத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று கதை சொன்னது. அவர் திரும்பவில்லை. கதையோ தயா இதோ வருகிறாள், அதோ வருகிறாள் என்று வருடக்கணக்கில் ஆசை காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள். இல்லாமை கதையை எங்காவது நகர்த்த வேண்டும். நகர்த்தாத இல்லாமை வெறும் சாட்டு.

சந்தியாவுக்கு அப்படி நகர்த்தும் வழி கதைக்குள்ளேயே இருந்தது. பொலிஸ் பயிற்சிக்காக வீட்டை விட்டுப் போக வேண்டிய பெண் அவள். அந்தப் பயிற்சிதான் கதையின் உச்சம், அதைக் காட்டாமல் விட முடியாது என்று சொல்லலாம். அப்படியானால் வரிசையை மாற்றியிருக்கலாம். மருமகள் இல்லாத வீட்டில் சரவணன் படும் பாட்டையும், மாமியாரின் மனம் மாறுவதையும் முதலில் சொல்லிவிட்டு, அவள் திரும்பிய பின் பயிற்சியை நினைவுகளாகக் காட்டியிருக்கலாம். கர்ப்பம் திடீரென வரும் விபத்தல்ல. எழுதுவதற்கு நான்கைந்து மாத அவகாசம் தருகிறது.

மாற்றியதால் தொடர் என்ன கண்டது? 2022 டிசம்பரில் ஆல்யா மானசா சன் தொலைக்காட்சியில் ‘இனியா’வின் நாயகியாக வந்துவிட்டார். பிள்ளை பிறந்து எட்டொன்பது மாதம்தான் ஆகியிருந்தது. ‘ராஜா ராணி’ அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பதிலுக்கு வந்த ரியாவும் பின்னர் விலக, ஆஷா கௌடா வந்தார். 2023 மார்ச்சில் தொடர் முடிந்தபோது நாம் பார்த்தது மூன்றாவது சந்தியாவை. காத்திருந்தால் முதல் சந்தியாவே கிடைத்திருக்கக்கூடும்.

நமது பாடசாலைகளில் ஆசிரியை ஒருவர் பிரசவ விடுமுறையில் போனால், முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் அவருக்கு உண்டு. அதுவரை பாடத்தை இன்னொருவர் எடுப்பார். அவருடைய பெயரையும் கதிரையையும் யாரும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதில்லை. தாய்மையை நாள்தோறும் ஆரத்தி எடுத்துக் கொண்டாடும் தொடர்கள், தங்கள் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் தாய்க்கு அந்தக் கதிரையையாவது வைத்திருக்கப் பழக வேண்டும்.