அரை மூட்டை கொத்தமல்லியும் ஐம்பது கிலோ திரவமும்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போனால் சுங்குவார்சத்திரம் வரும். 2025 அக்டோபரில் அந்த ஊர்ப் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. அங்கே ஸ்ரேசன் பார்மா தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பேரன் பேத்திக்கு இருமல் என்றால் நாமும் கடைக்கு ஓடுகிறவர்கள்தானே. அந்தச் செய்திகளை நான் வரி விடாமல் படித்தேன்.

அதில் என் கவனத்தை இழுத்தது ஒரு விஷயம். பாட்டிலில் எஸ்.ஆர்-13 என்ற பேட்ச் எண் இருந்தது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தகவல் வந்ததும் ஆலைக்குப் போய், அந்த பேட்ச்சையே எடுத்துச் சென்னை ஆய்வகத்தில் சோதித்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்! ஓரிரு நாளில் விற்பனைத் தடையும் வந்துவிட்டது. பாட்டிலிலிருந்து ஆலை வரை தடம் பிடிப்பதில் சிக்கலே இல்லை.

ஆலைக்குள் போனதும்தான் தடம் அறுந்தது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கால் ஐம்பது கிலோ, முறையான இன்வாய்ஸ் இல்லாமல் வாங்கப்பட்டதாகவும், அது மருந்துத் தரத்தில் இல்லை என்றும் ஆய்வில் வெளிவந்தது. பில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த டிரம் எந்த ஆலையில் நிரப்பப்பட்டது, அதன் லாட் எண் என்ன, அதே லாட்டில் இன்னொரு டிரம் வேறு எந்தக் கம்பெனிக்குப் போனது என்று கேட்டால் காட்டக் காகிதம் இல்லை. நோய் கண்ட பாட்டிலை நிறுத்தலாம். பக்கத்து டிரம்மை நிறுத்த முடியாது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மசாலாப் பொடி யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். தொண்ணூறுகளில் ஒரு நாள் கொத்தமல்லி அனுப்பிய வியாபாரி போன் செய்தார். கடைசியாக வந்த இருபது மூட்டைகளும் லாரியில் பூச்சி மருந்துப் பெட்டிகளோடு வந்தவையாம். அதற்கு முந்தைய வாரம் வந்த சரக்கில் பழுதில்லை. இரண்டும் ஒரே கோணி, ஒரே குறி. கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் வந்த தேதியையும் லாரி ரசீது எண்ணையும் ஒவ்வொரு மூட்டையிலும் அட்டையில் எழுதிக் கட்டியிருந்தேன். சரக்குக்கு ஒரு பின் கார்டும் உண்டு.

கார்டுப்படி ஏழு மூட்டை வெளியே போயிருக்கிறது. ஸ்டோரில் எண்ணினேன், பதின்மூன்று. கணக்கு சரி. அடுத்து அரவைப் பதிவேட்டைப் புரட்டினேன். திங்கள் பேட்ச்சில் மூன்று, செவ்வாயில் மூன்று, புதனில் அரை மூட்டை. ஆறரைதான் வருகிறது! மீதி அரை மூட்டை எங்கே?

அரவைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, மிச்சம் கிடந்துச்சு, வியாழக்கிழமை தொட்டியில கொட்டிட்டேன். எழுதல."

வியாழக்கிழமை பேட்ச் பழைய சரக்கு என்றுதான் பதிவேடு சொன்னது. அந்த அரை மூட்டையைத் தேடியிராவிட்டால் மூன்று பேட்ச்சை நிறுத்திவிட்டு நாலாவதை ஆவடிக் கடைகளில் விட்டிருப்போம். டெலிவரி புத்தகத்தைப் பார்த்து, மறுநாள் மாலைக்குள் நாலையும் திரும்ப எடுத்தோம். முதலாளிக்கு நஷ்டம்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தேதி அட்டை இல்லாமலிருந்தால் கொத்தமல்லி போட்ட அத்தனை பொடியையும் கொட்டியிருக்க வேண்டும், அது அவருக்கும் தெரியும்.

பதிவேடு நஞ்சைக் கண்டுபிடிக்காது. அதற்குச் சோதனைதான் வேண்டும். டிரம் வந்திறங்கியதும் மாதிரி எடுத்துச் சோதிக்காத இடத்தில், எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும் விஷம் பாட்டிலுக்குள் போய்விடும். பொய்யாக எழுதிய பதிவேடும் உண்டு, இன்ஸ்பெக்டர் வரும் முதல் நாள் ஒரே பேனாவில் ஒரு மாதத்தை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிடிக்கும் வழி கூட்டல் கழித்தல்தான். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, கையில் இவ்வளவு. இடிக்கிற இடத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது.

ஆய்வுக்குப் போகிற அதிகாரிகள் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்ப்பதைவிட, கடையிலிருந்து ஒரு பாட்டிலை வாங்கிப் போய் மேசைமேல் வைத்து, "இதில் போன ஒவ்வொரு சாமானின் பில்லையும் லாட் எண்ணையும் இரண்டு மணி நேரத்தில் காட்டுங்கள்" என்று கேட்கலாம் என்பது என் கட்சி. மருந்து ஆலையில் மட்டுமல்ல, திருவேற்காட்டு முறுக்குக் கம்பெனியிலும் கேட்கலாம். எண்ணெய் டின் வந்த தேதியைச் சொல்லத் தெரியாதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.