குளிர்பதனப் பெட்டி மட்டும் போதுமா?

உணவுச் சுகாதாரத் தேர்வுகளில் பின்வருவது போன்ற ஒரு வினா கேட்கப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

ஒரு சமையல்காரருக்குச் செவ்வாய்க்கிழமை இரவு வாந்தி நின்றது. மறுநாள் மாலை அவர் வேலைக்குத் திரும்பி, கையுறை அணியாமல் வெள்ளரிக்காயையும் அன்னாசியையும் நறுக்கினார். அந்தச் சாலட் 4 பாகை செல்சியஸில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டு, வியாழக்கிழமை நண்பகல் விருந்தில் பரிமாறப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை விருந்தினர் பலருக்குத் திடீரென வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடியது எது?
(அ) சால்மோனெல்லா
(ஆ) ஸ்டாஃபிலோகாக்கஸ்
(இ) நோரோ வைரஸ்
(ஈ) ஹெபடைட்டிஸ் ஏ

மாணவர் பலர் முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. உணவு கெட்டால் அதற்குப் பாக்டீரியாவே காரணம் என்றும், 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் உணவை வைக்கக்கூடாது என்றும் அவர்கள் படித்திருப்பார்கள். அந்தப் பாடம் சரியானதே. ஆனால், அது முழுமையானது அன்று.

பாக்டீரியா உணவிலேயே பெருகும். ஸ்டாஃபிலோகாக்கஸ் மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழ்கிறது. அதுவும் கையின் வழியே உணவை அடையலாம். எனினும், உணவு வெதுவெதுப்பாகச் சில மணி நேரம் இருந்தால்தான் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சை உண்டவர் அரை மணி முதல் எட்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுப்பார். இங்கே சாலட் குளிரில் இருந்தது. விருந்தினருக்கோ முப்பது மணி நேரம் கழித்தே நோய் கண்டது. ஆகவே, (ஆ) பொருந்தாது. சால்மோனெல்லாவுக்குக் கால அளவு பொருந்தும் என்றாலும், பச்சைக் கோழியோ முட்டையோ இந்த உணவுக்கு அருகில் வந்ததாக வினாவில் குறிப்பு இல்லை.

வைரஸின் தன்மை வேறு. அது உணவில் பெருகுவதில்லை. மனித உடலுக்குள்தான் பெருகும். உணவு அதற்கு ஒரு வாகனம் மட்டுமே. நோரோ வைரஸ் மிகச் சிறிய எண்ணிக்கையில் உடலுக்குள் சென்றாலே நோயை உண்டாக்கிவிடும். அதனால் அது பெருக வேண்டிய தேவையே இல்லை. குளிர்பதனப் பெட்டி அதைக் கொல்வதும் இல்லை. உண்ட 12 முதல் 48 மணி நேரத்திற்குள் நோய் தொடங்கும். சமையல்காரரின் வாந்தி, சமைக்கப்படாத உணவு, முப்பது மணி நேர இடைவெளி ஆகிய மூன்றும் (இ)யையே சுட்டுகின்றன. உறுதியாகச் சொல்ல நோயாளிகளின் மலத்தைச் சோதிக்க வேண்டும்.

வினாவில் ஒரே வரியை மாற்றினால் விடையும் மாறும். விருந்தினர் நான்கு வாரம் கழித்துக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் கண்டதாக இருந்தால், விடை ஹெபடைட்டிஸ் ஏ ஆகும். அது வெளிப்பட 15 முதல் 50 நாள் ஆகலாம். மேலும், காமாலை தோன்றுவதற்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் நோயாளியிடமிருந்து அது மிகுதியாகப் பரவுகிறது. அப்போது சமையல்காரர் தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்க மாட்டார். "நோயுற்றவர் சமைக்கக்கூடாது" என்ற விதி அங்கே பயன்படாது. கழிப்பறைக்குச் சென்று வந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும், தடுப்பூசி போட்டுக்கொள்வதும்தான் காக்கும்.

பல பெயர்களைக் கற்பித்தால் மாணவர் குழம்புவர், வெப்பநிலை விதியைக் கற்றாலே போதும் என்று சிலர் கருதலாம். வெப்பநிலையைக் கவனிக்காவிட்டால் பலர் நோயுறுவர் என்பதும் உண்மையே. ஆனால், அந்த விதியை மட்டும் கற்ற ஒருவர், சாலட்டைக் குளிரில் வைத்ததோடு தம் கடமை முடிந்தது என்று நம்பிவிடுவார். இந்த வினாவில் வரும் சமையல்காரரும் வெப்பநிலை விதியை மீறவில்லை. அவர் செய்த தவறுகள் வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் சமையலறைக்கு வந்திருக்கக்கூடாது. அதன் பிறகும் இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் வைரஸ் அவரது மலத்தில் வெளியேறக்கூடும். எனவே, கைகளை நன்கு கழுவுவதை அவர் விட்டுவிட முடியாது. ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பான் நோரோ வைரஸை முழுமையாக அழிப்பதில்லை. ஓடும் நீரும் சவர்க்காரமும்தான் அதை அகற்றும்.

நாட்கூலி பெறும் ஒருவர் வாந்தி நின்ற மறுநாளே வேலைக்கு வருவது பெரும்பாலும் அலட்சியத்தால் அன்று. ஒரு நாள் வருமானம் போய்விடுமே என்ற கவலையால். அந்த இரண்டு நாள் விடுப்புக்கு ஊதியம் கொடுக்காத முதலாளியும் இந்த நோய்ப் பரவலில் பங்கு கொள்கிறார்.

ஆகவே, தேர்வு வினா "உணவு எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது?" என்பதோடு நின்றுவிடக்கூடாது. "அதைத் தொட்டவர் யார்? அவர் எப்போது நோயுற்றிருந்தார்?" என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்த மாணவர், நாளை சமையலறையில் நிற்கும்போது குளிர்பதனப் பெட்டியின் வெப்பமானியைப் பார்ப்பதோடு, தம் கைகளையும் பார்ப்பார்.