ஓப்பன் பேப்பரில் மோட்டார் சைக்கிள் வாங்குவது குறித்து எமது நிலைப்பாடு

பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் நேரில் வந்து கையொப்பமிடாத எந்தப் பழைய மோட்டார் சைக்கிளையும் அன்புவழிபுர மக்கள் வாங்கக்கூடாது, உரிமை மாற்றம் முடியும்வரை முழுப்பணத்தையும் கொடுக்கக்கூடாது என்பதே எமது சங்கத்தின் நிலைப்பாடு. திகதியும் வாங்குபவர் பெயரும் வெறுமையாக விடப்பட்டு, விற்றவர் கையொப்பம் மட்டும் உள்ள மாற்றுப் படிவங்களோடு வண்டியைக் கைமாற்றுவதைத்தான் நாம் ஓப்பன் பேப்பர் என்கிறோம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளின் விலை ஏறியது. நல்ல வண்டி கண்ணில் பட்டால் உடனே பணத்தைக் கொடுத்துவிடும் அவசரமும் கூடியது. இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஓப்பன் பேப்பரின் சிக்கல் இரண்டாவது கைமாற்றத்தில்தான் வெளிப்படும். ஓர் உதாரணம்: கந்தளாயில் ஒருவர் பெயரில் பதிவான வண்டியை உவர்மலையில் ஒருவர் வாங்கி, பெயர் மாற்றாமல் நான்கு ஆண்டுகள் ஓடுகிறார், பிறகு அதை உங்களிடம் விற்க வருகிறார். அவர் கையில் பழைய படிவங்கள் உள்ளன. ஆனால் கந்தளாய்க்காரர் இதற்குள் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம். இறந்திருந்தால் அவர் போட்டுவைத்த கையொப்பத்தை நம்பிப் பயனில்லை. வாரிசுகள் வழியே போகவேண்டும். அந்த வண்டி ஒரு விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால் பொலிஸ் முதலில் தேடிப்போவது கந்தளாயில் உள்ள பெயரைத்தான். ஆகவே இந்த நடைமுறை விற்பவருக்கும் பொறி. உரிமை மாற்றத்தைக் காலதாமதமின்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டம் விற்றவர்மீதும் வைத்திருப்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து புத்தகத்தில் பலர் வாசிக்காமல் விடும் ஒரு கட்டத்தில் இருக்கிறது. பதிவு உரிமையாளரின் பெயரோடு 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், வண்டி இன்னும் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். ஓட்டுபவருக்கு இருப்பது பாவிக்கும் உரிமை மட்டுமே. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் அடிப்படை இதுதான். தவணை நின்றால் வண்டியை எடுத்துச்செல்ல வருபவரிடம் 'நான் காசு கொடுத்து வாங்கினேன்' என்பது செல்லாது, ஏனெனில் தனக்குச் சொந்தமில்லாததை விற்பவரால் உரிமையைக் கொடுக்க முடியாது. 'லீசிங் கட்டி முடிஞ்சுது, பேர் எடுக்கேல்ல அவ்வளவுதான்' என்ற பேச்சையும் ஏற்கவேண்டாம். நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைக் கேளுங்கள், அந்தப் பெயர் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டோக்கொப்பியை மட்டும் காட்டுபவரிடம் மூலப்பிரதி எங்கே என்று கேட்பதே போதும். பாதிச் சங்கதி அந்தப் பதிலிலேயே வந்துவிடும். பிறகு வெளிச்சத்தில், துணியால் துடைத்து, சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும். இலக்கங்கள் வரிசை தவறி நின்றால், அல்லது அந்த இடம் மட்டும் அரத்தால் ராவிப் புதுப் பெயின்ற் பூசியதுபோலத் தெரிந்தால், பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

நிலுவைகளில் முதலில் பார்க்கவேண்டியது வருமான அனுமதிப்பத்திரம். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. அனுமதிப்பத்திரம் நெடுநாள் காலாவதியாகிக் கிடந்தால் பழைய கட்டணத்தையும் தண்டத்தையும் வாங்கியவர்தான் சுமக்க நேரிடும். அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். விற்றவர் பெயரிலுள்ள காப்புறுதி உங்களுக்குத் தானாக மாறாது என்பதையும் மறக்கவேண்டாம். வீதியில் பொலிஸார் கேட்பது பெரும்பாலும் அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும்தான், புத்தகத்தை யார் பார்க்கிறார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். அனுமதிப்பத்திரம் அந்த ஆண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டதைக் காட்டும். வண்டி யாருடையது என்பதைத் தீர்க்காது.

பதிவு இறுதி உரிமைச் சான்றல்ல, பணம் கொடுத்து வண்டியைப் பெற்றாலே போதும் என்று சட்டம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். வழக்கென்று வந்தால் அந்த வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அன்றாடம் கூலிக்குப் போகிறவர் ஒரு பழைய வண்டிக்காக நீதிமன்றப் படியேற முடியாது. விற்பவர் மிச்சமுள்ள தவணையைக் கட்டக் கையில் பணமில்லாமல்தான் விற்கிறார், முழுவதையும் முதலில் கட்டச் சொன்னால் எப்படி என்பது நியாயமான மறுப்பு. அதற்கு வழி உண்டு. இருவரும் ஒன்றாக லீசிங் நிறுவனத்துக்குப் போய், மிச்சத்தொகையை எழுத்தில் பெற்று, வாங்குபவரே அங்கு நேரடியாகக் கட்டிப் பற்றுச்சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். விலை மூன்று இலட்சம், மிச்சம் எண்பதாயிரம் என்றால், எண்பதாயிரத்தை நிறுவனத்தில் கட்டுங்கள். விடுவிப்புக் கடிதமும் கையொப்பமிட்ட படிவங்களும், விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் கையில் வந்ததும் ஒன்றரை இலட்சம். புத்தகம் உங்கள் பெயருக்கு வந்தபின் மீதி எழுபதாயிரம். இந்த ஒழுங்கைத் தேதியிட்டு எழுதி இருவரும் ஒப்பமிட மறுக்கும் விற்பனையாளருக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம். இப்படியான உடன்படிக்கையை எழுதவும் புத்தகத்தை வாசித்துப் பார்க்கவும் சங்கம் கட்டணமின்றி உதவும்.