மயில் கழுத்துச் சேலை படத்தில் நீலமாக மட்டும் தெரிவது ஏன்?

ஆரணிப் பட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பும் தறியும் இருக்கிறது. செல்போனில் படம் எடுத்து அனுப்பி விற்கிறோம். மயில் கழுத்து நிறச் சேலை வாங்கியவர், 'படத்தில் நீலம், கையில் பச்சை' என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன செய்யலாம்?"

பதில்: இது நெசவின் குறையல்ல. மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும்போது நீலம் எழும்பும். சேலையைத் திருப்பினால் பச்சை எழும்பும். ஒரே படத்தில் ஒரு நிறம்தான் அகப்படும். எனவே அதே இடத்தில் மூன்று படங்கள் தேவை: விரித்த நிலையில் ஒன்று, கால் வட்டம் திருப்பிப் போட்டு ஒன்று, கொசுவமாக மடித்துத் தொங்கவிட்டு ஒன்று. மூன்றையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். காலையில் நேர்வெயில் படாத திண்ணையோ சன்னலோரமோ போதும். விளக்கை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் விளக்கொளியும் கலந்தால் ஒரே சேலையில் இரண்டு சாயல் வரும். பக்கத்தில் பச்சைச் சுவர் இருந்தால் அதன் சாயலும் துணியில் ஏறும். சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் தவறு. செல்போனில் Pro இருந்தால், WB அளவை நகர்த்தித் தாளை வெள்ளையாக்கிவிட்டு எடுக்கலாம். பிறகு படத்தை அந்தச் சேலையின் அருகிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது திரையின் இரவு மஞ்சள் வடிகட்டி அணைந்திருக்க வேண்டும். அழகூட்டும் வடிகட்டி எதுவும் வேண்டாம்.

அளவிலும் இதே சிக்கல் வரும். செல்போனைக் கரையருகே கொண்டுபோனால், அருகிலிருப்பது பெரிதாகி, நாலு அங்குலக் கரை ஆறு அங்குலம் போலத் தோன்றும். ஆறடி தள்ளி நின்று, 2x பெரிதாக்கி, நேர் எதிரே இருந்து எடுத்தால் விகிதம் சரியாக வரும். கரையின் குறுக்கே அளவு நாடாவை வைத்து ஒரு படம் தனியாக எடுக்க வேண்டும். சேலையின் நீளம், அகலம், ரவிக்கைத் துணியின் நீளம் ஆகியவற்றை அளந்து எழுத்தில் தர வேண்டும்.

இவ்வளவு செய்தும் வாங்குபவரின் திரை வேறாக இருக்கலாம். அதனால் "நீலப் பாவு, பச்சை ஊடை, திருப்பினால் நிறம் மாறும்" என்று படத்தின் கீழே எழுதிவிடுவது நல்லது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. அந்த ஒரு வரி எழுதியிருந்தால், நிறம் மாறுவதும் சேலையின் சொல்லப்பட்ட தன்மையாகிவிடும்.