டிடிஎஸ் பூஜ்யம், ஆனா வரி 76,440 ரூபாய்: முதல் சம்பளக்காரர்கள் குழம்பும் மூன்று எண்கள்

“12 லட்சம் வரைக்கும் வரி கிடையாதுன்னு சொன்னாங்களே, எனக்கு மட்டும் ஏன் பணம் கட்டச் சொல்லுது?” முதல் தடவை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும் பலர் ஜூலை மாதத்தில் கேட்கும் கேள்வி இது. மொத்த வருமானம், வரிக்குரிய வருமானம், கட்ட வேண்டிய வரி ஆகிய மூன்றும் வேறு வேறு எண்கள். மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் இந்தக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் முதல் வேலை, மாதம் 95,000 ரூபாய் சம்பளம். ஆறு மாதம் கழித்து அக்டோபரில் வேறு கம்பெனிக்கு மாறியாச்சு. அங்கே மாதம் 1,30,000 ரூபாய். இரண்டு கம்பெனியும் ஒரு ரூபாய்கூட டிடிஎஸ் பிடிக்கவில்லை. ‘அப்போ வரி இல்லை’ என்று நினைப்பது இயல்பு. சரியா என்று பார்ப்போம்.

முதல் எண்: மொத்த வருமானம்

ஆஃபர் லெட்டரில் இருக்கும் சிடிசி உங்கள் மொத்த வருமானம் இல்லை. அதில் கம்பெனி செலுத்தும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி போன்றவையும் சேர்ந்திருக்கும். அதேபோல, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையும் மொத்த வருமானம் இல்லை. உங்கள் பங்கு பிஎஃப், தொழில் வரி எல்லாம் கழித்த பிறகு கைக்கு வருவது அது.

பே ஸ்லிப்பில் பிடித்தங்களுக்கு மேலே இருக்கும் தொகைதான் மொத்தச் சம்பளம். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, சிறப்புப் படி, போனஸ் எல்லாம் இதில் வரும். நம் உதாரணத்தில் முதல் கம்பெனியில் 5,70,000, இரண்டாவதில் 7,80,000. ஆக மொத்தம் 13,50,000 ரூபாய்.

இதோடு சம்பளம் அல்லாத வருமானத்தையும் கூட்ட வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட்டில் 15,000 ரூபாய் வட்டி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் டிடிஎஸ் பிடிக்கவில்லை என்றாலும் அது வருமானம்தான். இப்போது மொத்த வருமானம் 13,65,000.

இரண்டாவது எண்: வரிக்குரிய வருமானம்

மொத்த வருமானத்திலிருந்து சட்டம் அனுமதிக்கும் கழிவுகளைக் கழித்தால் கிடைப்பது இது. நீங்கள் எதையும் தேர்வு செய்யாவிட்டால் தானாக வரும் புதிய வரி முறையில், பெரும்பாலான சம்பளக்காரர்களுக்குக் கிடைப்பது 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும்தான். உங்கள் சம்பளத்தில் பிடித்த பிஎஃப், எல்ஐசி பிரீமியம், வீட்டு வாடகை இதையெல்லாம் இங்கே கழிக்க முடியாது. அவற்றுக்குச் சலுகை பழைய முறையில்தான்.

13,65,000-லிருந்து 75,000 போனால் 12,90,000. இதுதான் வரிக்குரிய வருமானம். அந்தப் பிரபலமான ‘12 லட்சம்’ என்ற வரம்பை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு 12,75,000 வரை வரி இல்லை என்று சொல்வதும் இதனால்தான்.

இங்கே இன்னொரு சிக்கல். வருமான வரி இணையதளத்தில் இந்த எண்ணுக்கு `Total Income` என்று பெயர். கழிவுகளுக்கு முந்தைய எண்ணுக்கு `Gross Total Income` என்று இருக்கும். சம்பளக்காரருக்கான நிலையான கழிவு மட்டும் அதற்கும் முன்னாலேயே, சம்பளப் பகுதியிலேயே போய்விடும். அதனால் புதிய முறையில் பலருக்கு இரண்டு இடத்திலும் ஒரே எண் தெரியும். பயப்பட வேண்டாம்.

மூன்றாவது எண்: வரி

2025-26-க்கான புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5% என்றால் 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10%, அதாவது 40,000. மீதி 90,000-க்கு 15%, அதாவது 13,500. கூட்டினால் 73,500. அதன் மேல் 4% செஸ் 2,940. மொத்த வரி 76,440 ரூபாய்.

‘12 லட்சத்துக்கு மேல் இருக்கும் 90,000-க்கு மட்டும்தானே வரி போடணும்?’ என்று கேட்கலாம். இல்லை. வரி 4 லட்சத்துக்கு மேலேயே ஆரம்பித்துவிடுகிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், வந்த 60,000 ரூபாய் வரியை 87ஏ பிரிவின் தள்ளுபடி அப்படியே அழித்துவிடும். 12 லட்சத்தைத் தாண்டினால் அந்தத் தள்ளுபடி போய்விடும்.

கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500. ஆனால் தாண்டியது 10,000 மட்டுமே என்பதால் வரியும் 10,000-தான், அதோடு செஸ். நம் உதாரணத்தில் தாண்டிய தொகை 90,000, வரி அதைவிடக் குறைவு. அதனால் இந்தச் சலுகை இங்கே உதவாது.

கடைசியாக, இந்த 76,440-லிருந்து ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ்ஸைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் நீங்கள் உண்மையில் கட்ட வேண்டியது. படிவத்தில் `Tax payable on total income` என்று முதலில் வருவது தள்ளுபடிக்கும் செஸ்ஸுக்கும் முந்தைய எண். பாக்கித் தொகை, கீழே `Amount payable` என்ற இடத்தில் தெரியும்.

டிடிஎஸ் ஏன் பிடிக்கவில்லை?

முதல் கம்பெனி 95,000-ஐ 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டது: 11,40,000. வரம்புக்குள் இருக்கிறது, எனவே டிடிஎஸ் இல்லை. இரண்டாவது கம்பெனிக்குத் தெரிந்தது தான் கொடுத்த 7,80,000 மட்டும். அதுவும் வரம்புக்குள். ஆளுக்கொரு நிலையான கழிவு, ஆளுக்கொரு 12 லட்ச வரம்பு என்று இருவரும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டார்கள். சட்டத்தில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு ஒன்றுதான். அதனால் 76,440-ம் மொத்தமாக உங்கள் தலையில் விழுகிறது. ஜூலையில் கட்டினால், முன்கூட்டியே வரி கட்டாததற்கான வட்டி ஏறக்குறைய 6,900 ரூபாய் தனி.

இதைத் தவிர்ப்பது எளிது. புது வேலையில் சேர்ந்ததுமே பழைய சம்பளத்தையும் அங்கே பிடித்த டிடிஎஸ்ஸையும் எச்ஆரிடம் எழுதிக் கொடுங்கள். 2025-26-க்கு அதற்கான படிவம் 12பி. மீதி மாதங்களில் அவர்கள் சரியாகப் பிடித்துக்கொள்வார்கள், வட்டியும் வராது. தாமதமாகிவிட்டால், இரண்டு படிவம் 16-ஐயும் பக்கத்தில் வைத்து, சம்பளத்தைக் கூட்டி, நிலையான கழிவை ஒரே ஒரு முறை கழியுங்கள். ஏஐஎஸ் அறிக்கையில் வட்டி வருமானம் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பாக்கியை `e-Pay Tax` பகுதியில் கட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். வட்டி மாதத்துக்கு மாதம் ஏறும்.

படிவம் 12பி பற்றி, சேர்ந்த முதல் நாளிலேயே சொல்ல வேண்டியது எச்ஆரின் வேலை. பல இடங்களில் அது பிஎஃப், இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டு வாங்குங்கள். பிடிக்காத டிடிஎஸ்ஸுக்கு வட்டி கட்டப்போவது கம்பெனி இல்லை, நீங்கள்தான்.