அம்மன் அறிவாள், அடிக்கட்டை எங்கே?

"அம்மன் அருள் பெற அள்ளித் தாரீர்!"

திண்டிவனத்தில் எங்கள் தெரு ஆடித் திருவிழாக் குழுவினரின் வேண்டுகோள் ஆண்டுதோறும் இப்படித்தான் தொடங்கும். முடிவிலே குழுவினரின் பெயர்கள், பட்டங்களோடு பளபளக்கும். போன ஆண்டுப் பணம் போன வழி பற்றி ஒரு வரியும் இராது. கேட்டால், "அம்மனுக்குத் தெரியும்" என்பர். தெரிந்திருக்கட்டும்! செங்கல் சுமந்த கூலியிலே ஐந்நூறு ரூபாய் கிள்ளிக் கொடுத்தானே, அவனுக்குத் தெரிய வேண்டாமா?

இவ்வாண்டு அந்தத் தாளைத் திருத்தித் தரும்படி என்னிடம் வந்தனர். கடவுளை மறுப்பவனுக்குக் கூழ் ஊற்றும் விழாவிலே என்ன வேலை என்று தோழர்கள் நகைக்கலாம். எனக்கு வேலை கூழிலே அல்ல, கணக்கிலே. ரசீதுப் புத்தகங்களைக் கொண்டு வரச் சொன்னேன்.

ஐம்பது தாள் கொண்ட புத்தகங்கள் இரண்டு. 97 தாள் கிழிந்திருந்தது. மூன்று வெற்றுத்தாள் மிச்சம். அடிக்கட்டைகளைக் கூட்டினால் 48,500 ரூபாய். முந்திய மீதி 2,300 சேர, வரவு 50,800. செலவோ, பந்தலும் விளக்கும் 16,000, மேளம் 9,000, கூழும் சோறும் 11,500, ஒலிபெருக்கி 6,000, இதரம் 6,800. ஆக 49,300, கையிருப்பு 1,500.

கூட்டலிலே பிழையில்லை. பிழை கூட்டலுக்கு வெளியே இருந்தது. விளக்கலங்காரம் ஒரு கடைக்காரரின் உபயம் என்று அன்று ஒலிபெருக்கியிலே முழங்கினார்களே, உபயம் செலவிலே ஏன் ஏறியது? பற்றுச்சீட்டைப் பார்த்தேன். பந்தலுக்கு 11,000 மட்டுமே. விளக்குக்கான 5,000-ஐக் கடைக்காரர் விளக்குக்காரரிடம் நேரே கொடுத்துவிட்டார். அப்படியானால் கையிருப்பு 1,500 அன்று, 6,500! பொருளாளர் மறந்துவிட்டாராம், மறுநாளே கட்டினார். 'இதரம்' என்னும் அந்த இருட்டறையைத் திறந்தால், அச்சும் பூவும் 2,800; மேடையேறிய பெரியவர்களுக்குப் பொன்னாடை 4,000. ஏழையின் கூலி எவர் தோளிலே போர்த்தப்பட்டது, பாருங்கள்!

புதிய வேண்டுகோளிலே அருளை அகற்றவில்லை; அது அவர்கள் விருப்பம். ஆனால் முதற்பாதியிலே சென்ற ஆண்டுக் கணக்கு, 'இதரம்' என்ற சொல்லின்றி. உபயங்கள் தனியே, கொடுத்தவர் பெயரோடு. அடுத்து, இவ்வாண்டுத் தேவையிலே கையிருப்பு 6,500-ஐக் கழித்து மீதம் எவ்வளவோ அவ்வளவே கேட்பது. அடிக்கட்டையும் பற்றுச்சீட்டும் பார்க்க விரும்புவோருக்கு நாளும் இடமும்.

இதுவரை தலையசைத்தவர்கள், "எல்லாத் தெருவினருக்கும்" என்று நான் எழுதிய இடத்திலே திகைத்தனர். "காலனியிலே வரி வாங்கும் வழக்கம் இல்லையே, சார்!"

வழக்கமாம்! வரி வாங்காவிட்டால் கணக்குக் கேட்கவும் உரிமையில்லை, வாசலிலே நிற்கவும் உரிமையில்லை. அதற்குத்தானே இந்த வழக்கம்? இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியிலே, தாழ்த்தப்பட்டோர் உள்ளே வரக்கூடாதென்று எழுந்த பூசலால் 2023 சூனிலே திரௌபதி அம்மன் கோயிலுக்கு அரசு முத்திரையிட்டதே, அந்தப் பூட்டை யார் கொண்டு வந்தார்கள்?

அந்தச் சொற்களை அடித்தால் என் திருத்தம் முழுவதையும் அடித்துவிடுங்கள் என்று தாளை நீட்டினேன். தலைவர் வாங்கிச் சென்றிருக்கிறார். அச்சகத்துக்கு இன்னும் போகவில்லை.