ஒரு கரண்டி உமி, ஒரு முழு டம்ளர் தண்ணீர்



பல்லடத்து வாசகி ஒருவர் தம் மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ராத்திரி படுக்கும்போது இசப்கோல் உமியை ஒரு கரண்டி வாயில் போட்டு, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாராம். பலனில்லை. வயிறு கல்லாட்டம் இருக்கிறது, சோறு நெஞ்சில் நிற்கிறது என்கிறார். அளவைக் கூட்டலாமா என்று கேட்கிறார் மருமகள்.

கூட்ட வேண்டாம்ங்க. முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

குஜராத்தின் உஞ்ஜா, சித்பூர் பக்கத்திலிருந்து நம்மூர் மருந்துக் கடைக்கு வரும் இந்த உமி, தண்ணீரை இழுத்துப் பல மடங்கு உப்பிக் கூழாகும். அந்தக் கூழ்தான் மலத்தை இளக்கித் தள்ளுகிறது. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். குடலில் மலத்தோடு சேர்ந்து இறுகிவிடும். இப்படி அடைத்துக்கொண்ட சம்பவங்களால்தான் 2007-இல் அமெரிக்க அரசு, குருணை வடிவ இசப்கோல் மலமிளக்கிகளைச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது.

முறை இதுதான். ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடிக்க வேண்டும். பின்னாலேயே இன்னொரு டம்ளர் குடித்தால் நல்லது. ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் இரண்டு கரண்டிக்குப் போகலாம். நைசாக அரைத்த பொடி கனமானது, கரண்டி குறைய வேண்டும். பலன் தெரிய 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள்கூட ஆகும். அவசரப்பட்டுக் கூட்டுவதில்தான் வம்பே. சப்ஜா, சியா விதைகளும் அப்படியே, ஊறாமல் வாயில் போடக் கூடாது. இனுலின் போன்ற நார்ப்பொடிகள் இந்தளவுக்கு உப்பாது, ஆனால் வாயுவைக் கிளப்பும்.

குடித்தவுடன் படுக்கக் கூடாது. பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூழ் மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் மற்ற மருந்துக்கும் உமிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள், சர்க்கரை இறங்கக்கூடும்.

விழுங்கச் சிரமப்படுபவர்கள், குடலடைப்பு இருப்பவர்கள், அண்மையில் குடலில் அறுவை செய்துகொண்டவர்கள் தொடவே கூடாது. இதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கும் இது சரிப்படாது. அந்த ஒரு டம்ளருக்கே அவர்களிடம் இடமில்லை. வயிற்றுவலியோடு வாந்தியோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் உமியைத் தேடிப் போகாதீர்கள்.

பல்லடத்துச் சகோதரிக்கு: எழுபது வயதில் சோறு நெஞ்சில் நிற்பது மலச்சிக்கல் சங்கதி அல்ல. அத்தையை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரே இறங்கவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை என்றால் அன்றைக்கே, அந்த நேரமே.

அன்புடன்,
ஆசிரியர்